ஒரு ரூபாய் டிரையலில் கார்டு நம்பர் போடும் முன்

"ஓடிபி வராமல் காசு போகாது" என்று நம்மில் நிறைய பேர் உறுதியாக நம்புகிறோம். இலவச டிரையல் விஷயத்தில் முதல் தவறு இந்த நம்பிக்கைதான். ஒரு ரூபாய் கட்டி ஏழு நாள் பயன்படுத்துங்கள் என்று ஒரு செயலி கேட்கிறது, நீங்களும் கார்டு நம்பரும் ஓடிபியும் போடுகிறீர்கள். அந்த ஓடிபி ஒரு ரூபாய்க்கு மட்டுமானதல்ல. இனிமேல் மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ பணம் எடுத்துக்கொள்ள நீங்கள் கொடுக்கும் அனுமதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. இதை இ-மேண்டேட் என்பார்கள்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி மேண்டேட்டைப் பதிவு செய்யும்போது ஓடிபி கட்டாயம். அதற்கப்புறம் எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும், அது 15,000 ரூபாய்க்குள் இருந்தால், பொதுவாக ஓடிபி தேவையில்லை. 2021 அக்டோபரில் இந்த முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். செயலிகளின் சந்தா எல்லாம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதனால் ஓடிபி வந்து உங்களை எழுப்பும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு இது அப்படியே நடந்தது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை, வீடு திருவொற்றியூரில். ஸ்போக்கன் இங்கிலீஷ் செயலி ஒன்றில் ஒரு சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஒரு ரூபாய் டிரையல் எடுத்தாள். டெபிட் கார்டு போட்டதும் வந்த ஓடிபி பக்கத்தில் நான்கு வரிகள் இருந்தன: இப்போது எடுப்பது 1 ரூபாய், அதிகபட்சத் தொகை 2,000 ரூபாய், எடுக்கும் இடைவெளி, மேண்டேட் எதுவரை செல்லும் என்ற தேதி. அந்தத் தேதி பல வருடம் தள்ளி இருந்தது. அவள் கண்ணில் பட்டது முதல் வரி மட்டும்தான்.

பணம் கட்டும் பட்டனுக்குக் கீழே, வெளிர் சாம்பல் நிறத்தில் இன்னொரு வரி: டிரையல் முடிந்ததும் மூன்று மாதத்துக்கு 799 ரூபாய், டிரையல் முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்யாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாள் என்றால் அடுத்த சனிக்கிழமை இரவு 7 மணி. ஆனால் ரத்து செய்யக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை இரவு 7 மணி. ஏழு நாள் டிரையலில் ஆறு நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது.

பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று அதில் இருக்கும். அவளுக்கும் அந்த எஸ்எம்எஸ் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வந்தது. வங்கி சரியாகத்தான் செய்தது. ஆனால் செயலியின் கெடு முடிய அப்போது மூன்று மணி நேரம்தான் மிச்சம், கடையில் கூட்டம் வேறு, போன் பைக்குள் இருந்தது. வங்கியின் எஸ்எம்எஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது இதனால்தான் ஆபத்து. இரண்டு 24 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன.

இதில் இன்னொன்றும் நடந்திருந்தது. அவள் செவ்வாய்க்கிழமையே செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டாள், அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. செயலியை நீக்குவது ஒன்று, சந்தாவை ரத்து செய்வது வேறு, வங்கியில் மேண்டேட்டை ரத்து செய்வது மூன்றாவது. முதலாவது எதையும் நிறுத்தாது. சந்தாவைச் செயலியின் கணக்குப் பக்கத்திலோ, பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கே Payments & subscriptions பகுதியிலோ ரத்து செய்ய வேண்டும். மேண்டேட்டை வங்கியின் செயலியில் அல்லது நெட் பேங்கிங்கில் e-mandate அல்லது Standing Instructions என்ற இடத்தில் தேடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறும் வசதியை வங்கி தர வேண்டும். யுபிஐ வழியாக அனுமதித்திருந்தால் உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைப் பாருங்கள். சந்தா, மேண்டேட் இரண்டையும் ரத்து செய்வதுதான் பாதுகாப்பு.

சரி, கார்டு போடும் முன் விதிமுறைகளை எப்படிப் படிப்பது? நீளமான பக்கத்தை முழுதாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. போன் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மெனுவில் Find in page எடுத்து, cancel, renew, refund என்ற மூன்று சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அந்தச் சொல் வரும் பத்தியை மட்டும் நிதானமாகப் படித்தால் போதும்.

cancel வரும் இடத்தில், எத்தனை மணி நேரம் முன்பு என்பதோடு எப்படி என்பதையும் பாருங்கள். சேர்வதற்கு ஒரு பட்டன் வைத்துவிட்டு, விலகுவதற்கு மட்டும் மெயில் எழுது, வேலை நாளில் போன் செய் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. renew வரும் இடத்தில் தொகையும் காலமும் இருக்கும். மாதம் 99 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், வருடத்துக்கு ஒரே தடவையாக வசூலிப்போம் என்று இங்கே இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து போகப்போவது 1,188 ரூபாய். refund வரும் இடத்தில் எடுத்த பணம் திரும்பாது என்றிருந்தால், கெடு தவறினால் வேறு வழி குறைவு என்று அர்த்தம். 799 ரூபாய் போன பிறகு திருப்பிக் கேட்ட அந்தத் தங்கச்சிக்கு, செயலி நிறுவனத்தார் அந்த வரியைத்தான் காட்டினார்கள்.

டிரையல் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், எடுத்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். பிளே ஸ்டோர் வழியாக எடுத்த பல டிரையல்கள், ரத்து செய்தாலும் கடைசி நாள் வரை ஓடும். ரத்து செய்த உடனே நின்றுவிடும் என்று விதிமுறையில் இருந்தால், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக அலாரம் வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது வியாழக்கிழமை. கார்டு போடும் பக்கத்தையும், ரத்து செய்ததற்கான பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் நிலைமை வேறு. அங்கே கார்டு நம்பரும் பின்பக்க மூன்று இலக்கமும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் போக வாய்ப்புண்டு. வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நிறுத்தும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது என்றால், வங்கியில் போய் மோசடி என்று எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் நிற்காது, ஏனென்றால் ஓடிபி போட்டு அனுமதித்தது நீங்கள். முதலில் மேண்டேட்டை ரத்து செய்து அடுத்த தவணையைத் தடுத்துவிடுங்கள். அப்புறம் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். விலகும் வழியை மறைப்பதும், இலவசச் சந்தாவுக்கே ஆட்டோ டெபிட் அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் சந்தாப் பொறி என்று பட்டியலிடப்பட்ட முறைகேடுகள். நிறுவனம் பதில் தராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது இதைக் குறிப்பிட்டு, எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டையும் வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸையும் சேர்த்துக் கொடுங்கள்.