நூறு மணி நேர ஆன்லைன் வகுப்பில் பாடம் எத்தனை மணி நேரம்?

என் தங்கை பி.காம். முடித்தவள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் கணக்கெழுத ஆள் தேவை என்று தெரிந்ததும், டேலியும் ஜிஎஸ்டியும் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றின் விளம்பரத்தைக் காட்டினாள். "அண்ணா, நூறு மணி நேரப் பாடம், 14,999 ரூபாய் வகுப்பு, இன்று மட்டும் 4,999 என்று போட்டிருக்கிறது. சேரட்டுமா?" அன்று மாலை இருவரும் உட்கார்ந்து பார்த்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. கையிலிருந்து போகும் தொகை

அடித்துவிட்டுக் காட்டும் பழைய விலையை மறந்துவிடுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கியதாகத் தெரியாதவரை அது வெறும் எண். பணம் கட்டும் பக்கம் வரை சென்று பாருங்கள். இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி தனியாகச் சேர்ந்து, 4,999 ரூபாய் ஏறக்குறைய 5,900 ஆனது.

2. மணிக்கணக்கைப் பிரித்தல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பாடத்திட்டத்தை விரித்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் எதிரே அதன் நீளம் இருக்கும். அதைத் தாளில் எழுதிக் கூட்டினோம். வீடியோ 11 மணி 40 நிமிடம். நேரலையில் சந்தேகம் கேட்க 12 மணி நேரம். மீதியெல்லாம் 'சுயபயிற்சி', 'செயல்திட்டம்'. அதாவது அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் அவர்கள் மணி போட்டிருக்கிறார்கள்.

அடுத்து வீடியோக்களின் தலைப்புகள். அறிமுகம், தன்னம்பிக்கை, நேர்காணல் குறிப்புகள் என்று 1 மணி 40 நிமிடம் போனது. ஜிஎஸ்டி பகுதியின் இலவச முன்னோட்டத்தில் 12, 28 சதவீத அடுக்குகளை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீத அடுக்குகளுக்கு மாறிவிட்டன. பழைய விகிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனால் முதல் பில்லே தவறாகும். ஜிஎஸ்டி பகுதியின் இரண்டரை மணி நேரத்தையும் கழித்தோம். நின்றது ஏழரை மணி நேரம்.

நேரலை வகுப்பில் எத்தனை பேர் என்று செய்தி அனுப்பிக் கேட்டோம். 180 பேராம். பன்னிரண்டு மணி நேரத்தை 180 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு நான்கு நிமிடம்.

3. சான்றிதழைக் கேட்கப் போகிறவரிடமே கேளுங்கள்

கடைசி வீடியோ ஓடி முடிந்ததும் தானாக வந்து விழும் சான்றிதழ், வீடியோ ஓடியது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வகுப்புகளைப் பாருங்கள். படிக்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டுமானால் தனியாகக் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்தில் நேரில் எழுதித் தேற வேண்டும். அந்தத் தாளுக்கு மதிப்பு அங்கிருந்து வருகிறது.

நாங்கள் கொலுசுக் கடைக்கே போய்க் கேட்டோம். முதலாளி சொன்னது இதுதான்: "சான்றிதழ் இருக்கட்டும்மா. நான் ஐந்து பில் தருவேன், தவறில்லாமல் ஏற்றிக் காட்டினால் போதும்." ஆகவே இந்த வேலைக்குச் சான்றிதழின் விலை பூஜ்யம் என்று எழுதிக்கொண்டோம். தணிக்கையாளர் அலுவலகம் என்றால் விடை வேறாக இருக்கலாம். அங்கேயும் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள்.

4. இலவசமாகக் கிடைப்பதைத் தலைப்புவாரியாகத் தேடுங்கள்

'டேலி தமிழ்' என்று மொத்தமாகத் தேடினால் தலை சுற்றும். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியே யூடியூபில் தேடி, கிடைத்ததற்கு எதிரே குறியிட்டோம். ஆறு மணி நேரப் பாடம் தமிழிலேயே இருந்தது. வீடியோ எப்போது பதிவேறியது என்பதை இங்கேயும் பார்க்க வேண்டும், விகித மாற்றம் இலவசப் பாடத்தையும் விடாது.

பயிற்சிக்கு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. டேலிபிரைமைக் கல்விப் பயன்முறையில் கட்டணமின்றித் திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும் என்பது அதன் வரம்பு. பழகுவதற்கு அது தடையே இல்லை. எல்லா பில்லையும் 1ஆம் தேதியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

5. மிச்சத்துக்கு விலை போடுங்கள்

ஏழரையில் ஆறு போனால் ஒன்றரை மணி நேரம். அதோடு நான்கு நிமிடச் சந்தேகம். இதற்கு 5,900 ரூபாய் அதிகம் என்று தங்கையே சொல்லிவிட்டாள். இருபது பேருக்கு ஒரு ஆசிரியர், போட்ட பதிவைத் திருத்தித் தருவார் என்று இருந்திருந்தால் நான் சேரச் சொல்லியிருப்பேன். தவறு எங்கே என்று காட்டும் ஆள்தான் இலவசத்தில் கிடைக்காதது.

அந்த ஆளை எங்கள் தெருவிலேயே தேடினோம். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், வாரம் 300 ரூபாய். முதல் வாரமே அவர் ஒரு தவறைப் பிடித்தார். வெள்ளிக் கொலுசு பில்லுக்கு அவள் 18 சதவீதம் போட்டிருந்தாள். வெள்ளி நகைக்கு 3 சதவீதம்.