ஊருக்குப் போகிறவர்களுக்கு: பழைய படத்தின் பின்பக்கத்தைப் படிப்பது பற்றி

திருநெல்வேலிப் பக்கம் பூர்வீக வீட்டுக்குச் செல்பவர்கள் அனைவரும் ஒருநாள் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தே தீருவார்கள். அதிலிருந்து எடுக்கும் பழைய புகைப்படத்தின் பின்புறத்தில் பென்சிலால் ஏதேனும் எழுதியிருந்தால், அதைப் படித்து முடிக்கும்வரை எந்த உறவினரிடமும் கொடுக்காதீர்கள். பன்னிரண்டு நாள் விடுப்பில் நான்கு நாட்களை இந்த ஒரு பிழைக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

படம் கனத்த அட்டையில் ஒட்டப்பட்டது. இடக்கோடியில் ஒரு குழந்தை, அடுத்து ஓர் இளம்பெண், அவளருகே ஓர் இளைஞர், வலக்கோடியில் நடுவயதுக்காரர் ஒருவர். அட்டையின் பின்புறத்தில் நான்கு பெயர்கள் தனித்தனி இடங்களில் இருந்தன. நடு இரண்டும் தேய்ந்துவிட்டன. ஓர் ஓரத்தில் ‘சு’ என்ற முதலெழுத்தும், மறு ஓரத்தில் ‘பேச்சி’ என்பதும் மிஞ்சியிருந்தன. கீழே ஒரு தேதி. சின்னத் தாத்தா வழி அண்ணாச்சி ஒருவர் அதை 1924 என்று படித்தார். வலக்கோடியில் நிற்பவர் எங்கள் பூட்டனார் பேச்சிமுத்து என்றும், இரண்டு வழியும் அப்போது அதே வீட்டில் ஒன்றாகக் குடியிருந்ததற்கு இதுவே சாட்சி என்றும் சொல்லி, உறுதிமொழிப் பத்திரத்தில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காதவன் என்ற கூச்சத்தில் நானும் தலையசைத்தேன். ஓர் இரவு படத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டவர், அலுவலகத்தில் தெளிவாகத் தெரியட்டும் என்று, பென்சில் எழுத்தின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிவிட்டார்.

அந்தப் பேனாவின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பென்சில் கரி வெயிலில் வெளுப்பதில்லை. கை பட்டுத் தேய்ந்துதான் போகிறது. கரி போன பிறகும், எழுதியவர் அழுத்திய பள்ளம் அட்டையில் இருக்கும். பேனா அந்தப் பள்ளத்தையும் புதிதாக உழுதுவிடுகிறது. ஈரத்துணியால் துடைப்பதும், மாவு தூவித் தேய்ப்பதும், ஸ்டூடியோவில் கொடுத்து லேமினேஷன் செய்வதும் இதே வகைக் கேடுகள்தாம்.

செய்ய வேண்டியது எளியது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தைக் குப்புறக் கவிழ்த்து, முகப்பு உரசாமல் மெல்லிய துணியின் மேல் வையுங்கள். கைபேசியின் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், மேசையோடு மேசையாகத் தாழ்த்தி, எழுத்தின் மேல் பக்கவாட்டில் ஒளி படும்படி பிடியுங்கள். பள்ளங்களின் ஒரு கரையில் நிழல் விழும். மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமிருந்தும் ஒளியை மாற்றி, இன்னொரு கைபேசியால் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுங்கள்; ஒரு பக்கத்து ஒளியில் மறைந்த கோடு இன்னொரு பக்கத்து ஒளியில் எழுந்து நிற்கும். அட்டையைச் சற்றே சாய்த்தால், கரி மிஞ்சியிருக்கும் இடம் ஈயம்போலப் பளபளக்கும். ‘9’ என்று நினைத்த எழுத்துக்கு மேல் வளைவு உண்டா என்பதற்குப் பதில் இந்தப் படங்களில்தான் கிடைக்கும். அண்ணாச்சி கைவைப்பதற்கு முந்தைய நாள், ஜன்னலோரச் சாய்வெளிச்சத்தில் தற்செயலாக நான் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் புத்தி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது.

அதற்குள் அலுவலகப் படி ஏறியாகிவிட்டது. முதல் நாள் முத்திரைத்தாள் சரியில்லை என்றார்கள். இரண்டாம் நாள் பார்க்க வேண்டியவர் வரவில்லை. மூன்றாம் நாள், மேசைக்குப் பின்னால் இருந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “தை மாசம் நூத்தி இருபத்திரெண்டாந் தேதின்னு போட்டிருக்கே, சார்?” என்று கேட்டார். பேனா எழுத்து ‘தை 122’ என்றுதான் சொன்னது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் எழுதியதுபோல.

பழைய தமிழ்க் கையெழுத்தில் ஆண்டுக்கு ‘ளு’ போலவும், மாதத்துக்கு ‘மீ’ போலவும், நாளுக்கு ‘உ’ போலவும் ஒரு குறி இடுவார்கள். ‘12’க்குப் பின்னால் வந்த நாள்குறியை அண்ணாச்சி இரண்டாக்கிவிட்டார். சாய்வெளிச்சப் படத்தில் இருந்தது ‘1124 ளு சர்வ… தை மீ 12 உ’. இரண்டாம் இலக்கத்துக்கு வளைவே கிடையாது, அது நேர்க்கோடு.

1124 என்பது கொல்லம் ஆண்டு. மலையாள நாட்டை ஒட்டிய நம் பக்கத்தில் பத்திரங்களிலும் வீட்டுக் கணக்கிலும் புழங்கியது அது. இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824ஐயும், ஜனவரி பிறந்தபின் ஆடி முடியும்வரை 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே 1124 தை என்பது 1949 தொடக்கம்.

இதைச் சரிபார்க்க அறுபது வருடப் பெயர் உதவும். ‘சர்வ’ என்று தொடங்குபவை சர்வசித்து, சர்வதாரி என இரண்டு உண்டு. அவை அடுத்தடுத்து வருவதால் அந்தத் துண்டை மட்டும் நம்பக் கூடாது. சர்வசித்து 1947 சித்திரையிலும் சர்வதாரி 1948 சித்திரையிலும் பிறந்தன. கடைசி இலக்கம் 4 என்று தெளிவாக இருந்ததால் இது சர்வதாரித் தை. 1924ஆம் ஆண்டுத் தை மாதமோ ருத்ரோத்காரியில் வருவது. அங்கே ‘சர்வ’ என்ற எழுத்துக்கே இடமில்லை.

இனி பெயர்கள். வரியாக எழுதிய பெயர்களைப் பெரும்பாலும் முகப்பைப் பார்த்து இடமிருந்து வலமாக எழுதியிருப்பார்கள். ஒவ்வொருவரின் முதுகுக்கு நேர் பின்னால் தனித்தனியாக எழுதியிருந்தால், அட்டையைத் திருப்பும்போது வரிசை தலைகீழாகிவிடும். எங்கள் படத்தில் ‘பேச்சி’ பின்புறத்தின் வலது ஓரத்தில் இருந்தது. முகப்பில் அது இடக்கோடி, அதாவது குழந்தை. தாத்தா பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் ஊரில், பெயர் ஒன்றென்பதால் ஆள் ஒன்றென்று ஆகாது. மேலும், பாதி அழிந்த ‘பேச்சி’ பேச்சிமுத்துவும் ஆகலாம், பேச்சியம்மாளும் ஆகலாம்.

பேச்சி என்றொரு அத்தை எனக்குப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். போகும் நாளில் அரைமணி நேரம் தலைகாட்டிவிட்டு வரலாம் என்று பட்டியலின் கடைசியில் வைத்திருந்தேன். வயதானவரிடம் காட்டும்போது பின்புறத்தை மறைத்து, உங்கள் ஊகத்தைச் சொல்லாமல், யார் யார் என்று மட்டும் கேளுங்கள். நாம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மரியாதைக்காகவாவது ஆமாம் என்றுவிடுவார்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அத்தை படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வலக்கோடியில் நிற்பவர் ஆச்சியின் அண்ணன் என்றார். குழந்தையைத் தொட்டு, “இது நாந்தாம்ல. இந்தக் கொலுசு ஒங்க ஆச்சி பெட்டில ரொம்ப நாள் கெடந்துச்சி” என்றார். அருகில் இருந்த இளம்பெண்ணை நான் யாரென்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த தலையோடு மட்டுமே நான் ஆச்சியை அறிந்தவன். அவர் இறந்தபோதும் வரவில்லை.

“ஒங்க ஆச்சிய ஒனக்குத் தெரியலயால?”

பத்திரத்தில் கையெழுத்திடவில்லை. அண்ணாச்சி வழியனுப்ப வரவில்லை. பேனா ஏறிய அட்டையை அத்தையிடமே விட்டுவிட்டு, ஜன்னலோரத்தில் எடுத்த அந்த ஒரு படத்தை மட்டும் கைபேசியில் கொண்டுவந்தேன்.