மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர், குழாய் எந்த வழியாக? வீட்டு வரைபடத்தில் குறிப்பது எப்படி

சென்னையில் 25க்கு 40 அடி மொட்டை மாடி உள்ள ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் இருக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீர் போதும். குளியல், துணிக்கு வேறு தண்ணீர் இருக்கிறது. ஒரு ஸ்கேல், கால்குலேட்டர், வீட்டு வரைபடத்தின் ஒரு நகல், இவ்வளவு இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

படி 1: மாடியில் எவ்வளவு விழுகிறது

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, தெறித்துப் போவது எல்லாவற்றுக்கும் 20 சதவீதம் கழித்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் மழைக்கும் சுமார் 74 லிட்டர் குழாய்க்கு வரும்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. அளவில் மழை. 74-ஆல் பெருக்கினால் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. இந்த எண்ணைப் பார்த்துத் தொட்டி அளவை முடிவு செய்யாதீர்கள். அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் அந்த மூன்று மாதத்தில் வழிந்துதான் ஓடும்.

படி 2: தொட்டியின் அளவு

தொட்டி அளவைத் தீர்மானிப்பது மழை இல்லாத நாட்கள். ஆளுக்கு 10 லிட்டர் வீதம் நாளைக்கு 40 லிட்டர் தேவை. ஜனவரி முதல் மே முடிய ஏறக்குறைய 150 நாட்கள்.

```
40 × 150 = 6000
6000 ÷ 0.9 = 6667
```

0.9-ஆல் வகுத்தது ஏன்? அடியில் வண்டல் தங்குவதற்காகத் தண்ணீர் எடுக்கும் குழாயை 10 செ.மீ. உயர்த்தி வைப்போம், மேலே வழிந்தோடும் குழாய்க்கு இடம் விடுவோம். இரண்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆகவே 7,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதச் சராசரி மழையை வைத்துக் கணக்குப் போட்டால் இதில் பாதிகூடத் தேவைப்படாது என்று வரும். ஜனவரியிலும் ஏப்ரலிலும் கொஞ்சம் மழை இருப்பதாகச் சராசரி காட்டும். நடப்பில் அந்த மாதங்களில் ஒரு சொட்டும் விழாத ஆண்டுகள் உண்டு. குடிநீருக்கு அந்தச் சராசரியை நம்பக் கூடாது.

இவ்வளவும் நிரம்புமா என்று திருப்பிப் பாருங்கள். 7,000-ஐ 74-ஆல் வகுத்தால் 95 மி.மீ. நவம்பரில் ஓரிரு நாள் நல்ல மழையே போதும். இந்த எண் உங்கள் ஊரின் மழைக்கால மழையைவிட அதிகமாக வந்தால், மாடி போதவில்லை. தேவையைக் குறைக்க வேண்டியதுதான்.

ஒரே மாடலில், ஒரே உயரத்தில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளாக வாங்கி அடியில் இணையுங்கள். உயரம் மாறினால் சிறியது வழியும்போது பெரியது நிரம்பாமல் நிற்கும். நிரம்பிய எடை 7 டன். செப்டிக் டேங்க் மூடிமேலோ, சம்ப் ஸ்லாப்மேலோ வைக்கவே கூடாது. கெட்டித் தரையில் கான்கிரீட் மேடை வேண்டும்.

படி 3: மாடி வரைபடம்

1:100 அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்று மாடியை வரையுங்கள். தொட்டி நிற்கப்போகும் பக்கத்திலேயே, 40 அடி நீளச் சுவரோரம், மாடித் தண்ணீர் வெளியேறும் எல்லா நீர்வாய்களையும் வையுங்கள். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு 110 மி.மீ. பிவிசி இறங்கு குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டரைத் தாங்கும். 93-க்கு இரண்டு போதாது, மூன்று வேண்டும்.

எதிர்ச் சுவரிலிருந்து இந்தச் சுவரை நோக்கி வாட்ட அம்புக்குறி போடுங்கள். 1:100 வாட்டத்துக்கு 7.6 மீட்டர் அகலத்தில் 7.6 செ.மீ. இறக்கம். ஏற்கெனவே கட்டிய மாடியானால் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அம்பைப் போடுங்கள்.

படி 4: தரைத்தள வரைபடமும் மட்டங்களும்

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் உயரம் தெரியாது. கோடு அழகாகப் போகும்; வேலை நடக்கும்போது குழாய் சன்ஷேடில் இடிக்கும். அதனால் கோட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையிலிருந்து குழாயின் அடிப்பக்க உயரத்தை எழுதுங்கள்.

நம் வீட்டில் தரைக்கு மேல் பேஸ்மென்ட் 0.45 மீ., அதற்கு மேல் லின்டல் 2.10 மீ. ஆக சன்ஷேடின் அடி 2.55, மேல் 2.65. இறங்கு குழாய்களைத் தொட்டியோடு இணைக்கும் படுக்கைக் குழாய் அதற்கு மேலேதான் போக வேண்டும். தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இறங்கு குழாயில் 2.95 என்று தொடங்குவோம். தொட்டி வரை 12 மீட்டர். 1:100 வாட்டத்தில் 12 செ.மீ. இறங்கி 2.83. வடிகட்டிக்கு 40 செ.மீ. விட்டால் 2.43. மேடை 0.30, தொட்டி உயரம் 1.90 என்றால் தொட்டியின் உச்சி 2.20. இன்னும் 23 செ.மீ. மிச்சம் இருக்கிறது, தண்ணீர் தானாகவே உள்ளே விழும். இந்த மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தொட்டியைக் குட்டையானதாக மாற்றுங்கள். வாட்டத்தைக் குறைத்துச் சமாளிக்க நினைத்தால் குழாயில் மண் தங்கி அடைத்துக்கொள்ளும்.

மூன்றும் சேரும் படுக்கைக் குழாய்க்கும் 110 மி.மீ. போதும். 93 சதுர மீட்டரில் மணிக்கு 100 மி.மீ. என்பது நொடிக்கு 2.6 லிட்டர்தான், இந்த வாட்டத்தில் குழாய் பாதிகூட நிரம்பாது.

படி 5: முதல் மழையைத் தள்ளிவிடுவது

பறவை எச்சமும் தூசியும் முதல் ஒரு மில்லிமீட்டரில் வரும். நமக்கு அது 74 லிட்டர் அளவு. பலர் இதற்குக் கீழே ஒரு டிரம் வைக்கிறார்கள். டிரம் நிரம்பியதும் மேலே குழாயில் ஓர் ஆள் உயரத் தண்ணீர் நின்று அழுத்தும். மூடி ஒழுகி, வரும் மழையெல்லாம் அங்கேயே வீணாகும். அதற்குப் பதிலாக, வடிகட்டிக்கு முன் டீ என்ற மூவழி இணைப்பைப் போட்டு, 160 மி.மீ. குழாய் இரண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மீட்டருக்கு 18 லிட்டர் பிடிக்கும், 2.2 மீட்டர் நீளத்தில் இரண்டுமாக 79 லிட்டர். அடியில் திறந்து கழுவத் திருகு மூடியும் சிறு வால்வும் வேண்டும். வால்வை லேசாகச் சொட்டும்படி விடுங்கள். இறுக மூடினால் பழைய தண்ணீர் வடியாமல் நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும்.

படி 6: வழிந்தோடும் கோடு

உள்ளே வருவது 110 என்றால் வெளியேறுவதும் 110. ஒன்றரை அங்குலக் குழாய் போட்டுவிட்டு, பெருமழையில் மூடி வழியே தண்ணீர் பீறிடும் வீடுகள் நிறைய. இதைப் புள்ளிக்கோடாக, வாட்டத்தோடு, மிச்ச மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறை கிணற்றுக்கு வரையுங்கள். இந்தக் கோட்டைச் சாக்கடை மேன்ஹோலோடும் இணைக்காதீர்கள். அது அடைத்தால் கழிவுநீர் உறை கிணற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் வரும். வெளிவாயில் கொசு நுழையாதபடி நைலான் வலை கட்ட இடம் விடுங்கள்.

பிளம்பரிடம் தருமுன், ஒரு நீர்வாயில் விரலை வைத்துக் கோடு வழியே தொட்டி வரை, பிறகு உறை கிணறு வரை நகர்த்துங்கள். எழுதிய எண்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் ஏறினாலும் அங்கே தண்ணீர் நிற்கும்.