சனிக்கிழமையும் வேலை நாளென்றால் லீவை எப்படி எண்ணுவது?

வெளிநாட்டில் வேலை செய்துகொண்டு ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பதற்கு முன் லீவை நாட்களாக எண்ணாதீர்கள், வாரங்களாக எண்ணுங்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 20 நாள் லீவு என்றால் அது நான்கு வாரம். ஆறு நாள் வேலை செய்பவருக்கு அதே 20 நாள் மூன்று வாரமும் இரண்டு நாளும்தான். அலுவலகத்தில் இருக்கும் மைத்துனர் சொன்ன கணக்கை நம்பி, உணவகத்திலோ கடையிலோ வேலை செய்பவர் டிக்கெட் போட்டால் கடைசி நான்கு நாட்களுக்குச் சம்பளம் இருக்காது.

மீதமுள்ள நாட்களை ஆறால் வகுத்தால் எத்தனை வாரம் போகலாம் என்று தெரியும். ஆனால் அந்த நாட்கள் எந்த வாரத்தை வைத்துக் கொடுக்கப்பட்டவை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் விடுப்புச் சட்டம் குறைந்தது 24 'வெர்க்டாகே' என்கிறது. ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர்ந்த எல்லா நாளும் அதில் அடங்கும், சனியும் சேர்த்தி. ஆறு நாள் வாரத்துக்கு அது சரியாக நான்கு வாரம். ஐந்து நாள் வாரத்துக்கு அதுவே 20 நாள் ஆகிறது. எனவே ஆறு நாள் வேலை வாங்கும் ஒப்பந்தத்தில் 20 நாள் என்று மட்டும் இருந்தால் அது சட்டம் தரும் குறைந்தபட்சத்தைவிடக் குறைவு. பிரிட்டனில் வேறு சிக்கல். அங்கே சட்டப்படி 5.6 வாரம், ஆனால் 28 நாளோடு உச்சவரம்பு. ஐந்து நாள் வேலைக்கு 28 நாள் முழுதாகப் பொருந்தும். ஆறு நாள் வேலைக்கு 33.6 வரவேண்டியது 28-லேயே நின்றுவிடும், அதாவது நான்கு வாரமும் நான்கு நாளும். முதலாளி ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி ஒரு பயணத்தை எண்ணிப் பார்ப்போம். திங்கள் முதல் சனி வரை வேலை. 2026 ஜூலை 11, சனி மாலை வேலை முடித்து அன்றிரவே விமானம் ஏறுகிறீர்கள். ஆகஸ்ட் 2, ஞாயிறு திரும்பி வந்து, 3ஆம் தேதி திங்கள் வேலைக்குப் போகிறீர்கள். லீவு ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 1 வரை: மூன்று திங்கள்–சனி வாரங்கள், 18 நாள். ஐந்து நாள் வேலைக்காரர் முந்தைய நாள் வெள்ளி மாலையே கிளம்பி, அதே ஞாயிறு திரும்பினாலும் அவருக்கு 15 நாள்தான் போகும்.

இந்தக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் இரண்டு ஓரங்களில். சனி பகல் விமானம் பிடித்தால் 18 என்பது 19 ஆகும். திரும்பும் விமானம் திங்கள் காலை இறங்கினால் இன்னொன்று கூடி 20. ஊரிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானங்களில் கவனம் வேண்டும். டிக்கெட்டில் ஞாயிறு 01:30 என்றிருந்தால் சனி இரவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். எண்ண வேண்டியது புறப்படும் தேதியை அல்ல, வேலை செய்யும் நாட்டில் வந்து இறங்கும் தேதியை.

உணவகம் திங்கள் பூட்டு, செவ்வாய் முதல் ஞாயிறு வரை திறப்பு என்றால் உங்கள் வாரம் செவ்வாயில் தொடங்குகிறது. ஞாயிறு இரவு வேலை முடிந்து திங்கள் பறந்து, திங்களே வந்து இறங்கினால் மூன்று வாரத்துக்கு அதே 18 நாள்தான். அடுத்தவர் சொல்லும் 'ஞாயிறு திரும்பு' என்ற யோசனை உங்களுக்கு உதவாது. அந்த ஞாயிறுக்கும் ஒரு நாள் லீவு போகும், பூட்டியிருக்கும் திங்கள் வீட்டில் கழியும்.

பிரான்சில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சட்டம் தருவது வருடத்துக்கு 30 'ஜூர் உவ்ராபிள்', அதாவது சனியும் சேர்ந்த ஆறு நாள் வாரக் கணக்கில் ஐந்து வாரம். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கும் இந்த முறையில் எண்ணினால் சனியும் லீவாகக் கழியும். எண்ணிக்கை நீங்கள் வேலைக்கு வந்திருக்க வேண்டிய முதல் நாளில் தொடங்கி, திரும்பி வரும் நாளுக்கு முந்தைய நாள் வரை ஓடும். அதனால் வெள்ளி ஒருநாள் மட்டும் லீவு கேட்டாலும் இரண்டு நாள் போவது பிழையல்ல. சம்பளச் சீட்டில் 25 என்றிருந்தால் நிறுவனம் 'ஜூர் உவ்ரே' என்ற ஐந்து நாள் கணக்கில் எண்ணுகிறது; அங்கே சனி கழியாது. பொது விடுமுறையில் கடை பூட்டியிருந்தால் அந்த நாளைக் கழிக்கக்கூடாது. மேலே சொன்ன பயணத்துக்குள் அப்படி ஒரு பொது விடுமுறையான ஜூலை 14 வருவதால், பிரான்சில் அது 17 நாள்தான். அங்கே இன்னொரு பொது விடுமுறையான ஆகஸ்ட் 15, 2026இல் சனிக்கிழமையில் விழுகிறது. உவ்ராபிள் கணக்கில் அன்று பூட்டாக இருந்தால் அதுவும் ஒரு நாள் மிச்சம்.

பிரான்சில் ஒரே தடவையில் எடுக்கக்கூடிய லீவு 24 உவ்ராபிள் நாள், நான்கு வாரம். அதற்கு மேல் ஊரில் நிற்க விரும்பினால், தூர தேசத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த வரம்பைத் தளர்த்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. முதலாளி எழுத்தில் சம்மதித்த பிறகே ஐந்தாவது வாரத்துக்கு டிக்கெட் போடுங்கள்.

சனி அரை நாள் மட்டும் வேலை என்றால், லீவில் அது அரையாகக் கழியுமா முழுதாகவா என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். மூன்று வாரத்தில் மூன்று சனி. வித்தியாசம் ஒன்றரை நாள்.