விடியலை எங்கே வைப்பது? ஒரு நாளின் போக்கில் பாட்டெழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை வருடப்பிறப்புக்கு யாழ்ப்பாணத்துக்கு வந்த மகள், விடுமுறை முடிந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்புகிறாள். அவள் புறப்படும் அந்த ஒரு நாளை, விடியப்புறம் தொடங்கி இரவு வரை, தாயின் குரலில் ஒரு பாட்டாக எழுத வேண்டும். நண்பர் ஒருவரின் குறும்படத்துக்காக இப்படியொரு பாட்டை எழுதியபோது நான் செய்த தவறுகளையே இங்கே எடுத்துச் சொல்கிறேன். பொழுதை வைத்துப் பாட்டெழுதும் பலருடைய வரிகளிலும் இதே தவறுகளைக் காண்கிறேன்.

முதல் தவறு, ஒவ்வொரு பொழுதுக்கும் ஓர் உணர்ச்சியை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது. காலை என்றால் மகிழ்ச்சி, மதியம் என்றால் உழைப்பு, மாலை என்றால் ஏக்கம், இரவு என்றால் கண்ணீர் என்று நான்கு பெட்டிகளைச் செய்து வைத்துக்கொண்டு வரிகளை உள்ளே போட்டால், நான்கு தனிப்பாட்டுகள் கிடைக்குமே தவிர ஒரு நாள் கிடைக்காது. என் முதல் படியில் தாய் காலையில் பூரித்தாள், இரவில் அழுதாள். இன்றிரவு மகள் போய்விடுவாள் என்பதை அறிந்த தாய் காலையில் எப்படிப் பூரிப்பாள்? பிரிவு அவளுடைய நாளுக்குள் விடியும்போதே வந்துவிட்டது. அது பொழுதுக்குப் பொழுது எப்படி வளர்கிறது என்பதுதான் எழுத வேண்டிய செய்தி.

இதை இரண்டே அடியில் செய்து காட்டிய குறள் ஒன்று உண்டு. 'பொழுதுகண்டு இரங்கல்' அதிகாரத்தில் வரும் 1227ஆவது குறள் அது: 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்.' மூன்று பொழுதுக்கும் மூன்று உணர்ச்சிகள் இங்கே இல்லை. காலையில் அரும்பு, பகல் முழுவதும் போது, மாலையில் மலர் என ஒரே நோய் மூன்று பருவங்களைக் கடக்கிறது. மலர்தல் என்ற சொல்லை நாம் இனிமைக்கே பயன்படுத்திப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் 'நோய்' என்ற கடைசிச் சொல் வந்து விழுகிறது. எழுதத் தொடங்குமுன் இந்தக் குறளை வைத்து நம் பாட்டை ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். நம்முடைய பாட்டில் அரும்பாகவும் போதாகவும் மலராகவும் மாறுவது எது? ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாவிட்டால் பாட்டுக்கு இன்னும் நூல் கிடைக்கவில்லை என்று பொருள்.

என் பாட்டுக்கு அந்த நூல், அம்மாமார் வாயில் நாள்தோறும் வரும் ஒரு சொற்றொடராக அமைந்தது: 'இன்னும் நேரம் இருக்கு.' விடியப்புறம் சொல்லும்போது அது ஆறுதல். மத்தியானம் சொல்லும்போது இன்னொரு பிடி சோறு உண்ணச் சொல்லும் கெஞ்சல். பின்னேரம் சொல்லும்போது, உண்மையல்ல என்று இருவருக்கும் தெரிந்த சொல். இரவில் என்ன ஆகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த தவறு வடிவத்தைச் சார்ந்தது, பாட்டை உள்ளுக்குள் இருந்தே முறித்துவிடக் கூடியது. நான் முதலில் எழுதிய பல்லவி 'விடியலில் பூத்த பூவே, விடைபெறும் நேரம் ஏனோ' என்று தொடங்கியது. தாளில் வாசிக்கும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. இசையமைப்பாளர் முழுப் பாட்டையும் பாடிக் காட்டியபோதுதான் புரிந்தது. முதற் சரணத்தில் பகல் முடிகிறது, பல்லவி திரும்ப வருகிறது, மறுபடியும் விடிகிறது. இரண்டாம் சரணத்தில் பஸ் போய் இருள் மூடுகிறது, பல்லவி வருகிறது, மூன்றாவது முறையும் விடிகிறது. நான் நகர்த்திக்கொண்டு போன பொழுதைப் பல்லவி ஒவ்வொரு முறையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. கவிதை மேலிருந்து கீழே ஓடுகிறது, பாட்டோ வட்டமாகச் சுற்றி வருகிறது. ஆகையால் பொழுதைக் குறிக்கும் எந்தச் சொல்லும், விடியல், வெயில், அந்தி, நிலா எதுவும், பல்லவியில் இருக்கக் கூடாது. அவை சரணங்களுக்குரியவை. எந்தப் பொழுதிலும் சொல்லக்கூடிய, ஆனால் சொல்லும் பொழுதைப் பொறுத்துப் பொருள் மாறக்கூடிய சொற்களே பல்லவிக்கு வேண்டும். அப்படி மாற்றியபின் என் பல்லவி இவ்வளவுதான்:

ஆறுதலா வெளிக்கிடு பிள்ளை,
இன்னும் நேரம் இருக்கு.

இதே எச்சரிக்கை இசைக்கும் பொருந்தும். விடியலைக் காட்டுவதற்குப் பூபாளம் நல்ல தெரிவுதான், ஆனால் பல்லவியின் மெட்டையே அதில் அமைத்தால் இரவிலும் அது திரும்ப வரும். எங்கள் பாட்டில் தொடக்கத்துப் புல்லாங்குழலுக்கு மட்டும் பூபாளத்தைக் கொடுத்தோம். குழலே விடியலைச் சொல்லிவிட்டதால் சேவலையும் கோயில் மணியையும் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரிகள் தேவையற்றுப் போயின. அவற்றை எடுத்துவிட்டேன்.

பொழுதுகளைச் சமமாகப் பங்கிடுவது இன்னொரு தவறு. ஒரு பல்லவியும் இரண்டு சரணங்களும் கொண்ட பாட்டில் நான்கு பொழுதுகள் நான்கு சம பாகங்களாக அமர மாட்டா, அமரவும் வேண்டியதில்லை. கதையின் பாரம் எந்தப் பொழுதில் இருக்கிறதோ அதற்கே இடம் கொடுக்க வேண்டும். அகப்பொருள் மரபு ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுதுகளாக, பொழுதுக்குப் பத்து நாழிகை வீதம், அதாவது நான்கு மணி நேரம் வீதம் பகுத்தது. நாம் நான்காகச் சுருக்கும்போது பெரும்பாலும் தொலைந்துபோவது எற்பாடு, யாழ்ப்பாணத்துப் பேச்சில் பின்னேரம். மரபில் பிரிவுக்குரிய பாலையின் பொழுது நண்பகல், இரங்கலுக்குரிய நெய்தலின் பொழுது எற்பாடு, இருத்தலுக்குரிய முல்லையின் பொழுது மாலை. பிரிவின் துயரை இரவுக்கென்று சேமித்து வைப்பது நம்முடைய பழக்கமேயன்றி மரபு சொன்ன வழி அன்று. எங்கள் வீடுகளில் பயணம் போகும் நாளின் பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள். பயணப்பை நிரம்பிவிட்டது, அயலவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள், இனிச் செய்வதற்கு வேலையும் இல்லை, பஸ்ஸுக்கு நேரமும் ஆகவில்லை. அந்த வெறுமையில்தான் மனம் உடைகிறது. ஆகையால் என் முதற் சரணத்தில் மத்தியானத்துக்கு இரண்டு வரிகளைக் கொடுத்து, மிகுதியைப் பின்னேரத்துக்கு விட்டேன்.

அந்த மத்தியான வரியில் இன்னொரு பிழை இருந்தது. 'உச்சி வெயிலில் உன் நிழல் நீண்டு படலை தொடுதே' என்று எழுதியிருந்தேன். சித்திரை நடுவில் சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் 14, 15 அளவில், பன்னிரண்டு மணி கடந்து ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முற்றத்தில் நின்றால் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும், நீள்வதற்கு அங்கே எதுவும் இல்லை. பொழுதின் பெயரை எழுதினேன், அந்தப் பொழுதின் வெளிச்சத்தைப் பார்க்காமல் எழுதினேன். பிழையைத் திருத்தப் போன இடத்தில் பாட்டின் சிறந்த வரியே கிடைத்தது. பின்னேரம் ஐந்து மணிக்கு அதே முற்றத்தில் நின்றால் நிழல் ஆளின் உயரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டு கிழக்கே விழும். கதையில் வரும் வீடு கிழக்குப் பார்த்தது, படலையும் ஒழுங்கையும் கிழக்கே இருக்கின்றன. அப்படியானால் மகள் முற்றத்தில் நிற்கும்போதே அவளுடைய நிழல் வீட்டை விட்டுப் போகத் தொடங்கிவிடுகிறது. சரணம் இப்படி மாறியது:

நிழலும் காலடிக்குள் ஒடுங்கின நேரம்
இன்னொரு பிடி சோறு போட்டன்.
படலை திறக்க முன்னம்
உன்ர நிழல் ஒழுங்கைக்குப் போயிட்டுது.

இதற்குப் பிறகு வரும் 'இன்னும் நேரம் இருக்கு' என்ற வரியைப் பாடகி அடக்கிய குரலில் பாடினாலே போதும், கண்ணீர் என்ற சொல்லை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. ஒரு வரி உண்மையாகவே தன் பொழுதில் நிற்கிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. அதை எடுத்து வேறொரு பொழுதில் வைத்துப் பாருங்கள். காலையிலும் அப்படியே பொருந்துமானால் அது பின்னேரத்துக்குரிய வரி அன்று.

அந்தியை நீட்டுவது பாட்டெழுதுவோரை மிகவும் கவரும் தவறு. செவ்வானமும் கூடு திரும்பும் பறவைகளும் சொற்களை அள்ளித் தரும். ஆனால் நம் ஊரில் அந்தி நீளாது. சித்திரையில் ஆறேகால் அளவில் பொழுது பட்டால் அரை மணிக்குள் இருள் கவிந்துவிடும். மைம்மல் என்று நாம் சொல்லும் நேரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுவது போலிருக்கும், பாட்டிலும் அது அப்படித்தான் கடந்து போக வேண்டும். நான் எட்டு வரிகளில் வருணித்திருந்த அந்தியை, இடையிசை முடிந்தவுடன் வரும் இரண்டு வரிகளாகக் குறைத்தேன்:

விளக்குக் கொளுத்த உள்ள போனன்,
வெளிய வர இருட்டிப்போச்சு.

வானத்தின் நிறம் இதில் இல்லை. பொழுது தன் கைக்கு அகப்படாமல் போனதைத் தாய் உணர்கிறாள், அது மட்டும் இருக்கிறது.

கடைசித் தவறு இரவில் நிகழ்கிறது. நாள் முடிகிறது என்பதால் பாட்டையும் ஒரு முடிவுரையால் மூடிவிட வேண்டும் என்று தோன்றும். 'பிரிவும் வாழ்வின் ஒரு பகுதி' என்ற தொனியில் நானும் நான்கு வரிகள் எழுதினேன். தாய் அப்படிப் பேச மாட்டாள். பஸ் போன பின் வீட்டுக்குத் திரும்பும் அவள் முதலில் பார்ப்பது ஏதாவது ஒரு பொருளாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொருள் இரவில் புதிதாக வரக் கூடாது, பகலிலேயே கேட்பவர் அதைக் கண்டிருக்க வேண்டும். எனவே முதற் சரணத்துக்குத் திரும்பிப் போய், பின்னேரம் பையின் சிப் பூட்டாமல் போக, வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் போத்தலை வெளியே எடுத்து வைக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். பாட்டின் தொடக்கத்தில் இப்படியொரு விதை இல்லாவிட்டால் இரவின் வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒட்ட வைத்தது போலவே நிற்கும். இரவு வரிகள்:

பையுக்குள்ள அடங்காத தூள் போத்தல்
மேசையில அப்படியே இருக்கு.

இதன் பின்னர் பல்லவி கடைசி முறையாக வருகிறது. வழக்கம்போல இரண்டு வரிகளையும் பாடிப் பார்த்தோம், ஏதோ இடறியது. 'ஆறுதலா வெளிக்கிடு பிள்ளை' என்ற முதல் வரியைக் கேட்பதற்கு இப்போது அந்த வீட்டில் பிள்ளை இல்லை. அந்த வரிக்குரிய இடத்தில் பாடகி மௌனமாக இருக்க, தாளம் மட்டும் போகும்படி விட்டோம். பிறகு இரண்டாம் வரியை ஒரே ஒரு முறை பாடினார்: இன்னும் நேரம் இருக்கு.