‘விவாதிக்கப்பட்டது’ என்று முடியும் மீட்டிங்குகள்

எங்கள் டீமில் 8 பேர். திங்கள்தோறும் காலை 10 மணிக்கு ஒரு மணி நேர மீட்டிங். ஒருநாள் பழைய மினிட்ஸைப் புரட்டினால், 3 வாரமாக ஒரே வரி: “சர்வர் மாற்றம்: விவாதிக்கப்பட்டது.” என்ன முடிவானது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தவறு அஜெண்டாவிலேயே இருந்தது. ‘சர்வர் மாற்றம்’ என்பது வெறும் தலைப்பு. ஒருவர் செலவைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் பேக்கப்பைப் பற்றி; நேரம் போய்விடும். நான்காவது வாரம் அதைக் கேள்வியாக எழுதினோம்: “டேட்டாவை 14-ஆம் தேதி சனிக்கிழமை இரவே மாற்றுவதா, மாதக் கணக்கு முடிந்த பிறகு மாற்றுவதா?” பக்கத்தில் 15 நிமிடம் என்றும், முடிவு சொல்ல வேண்டியவர் டீம் லீட் என்றும் குறித்தோம். இரண்டு வழியிலும் உள்ள சிக்கல்களை அரைப் பக்கத்தில் எழுதி வெள்ளிக்கிழமையே அனுப்பியாயிற்று. எல்லாரும் படித்துவிட்டு வந்ததால் 12 நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த தவறு, முடிவை அரைகுறையாக எழுதுவது. “மாதக் கணக்குக்குப் பிறகு மாற்றலாம்” என்று மட்டும் எழுதினால் போதாது. யார், எந்தத் தேதிக்குள், ஏன் என்ற மூன்றும் வேண்டும். நாங்கள் எழுதியது இது: “அடுத்த மாதம் 5-ஆம் தேதி இரவு மாற்றம். பொறுப்பு: நெட்வொர்க் பார்ப்பவர். 14 வேண்டாம், மாற்றும்போது கோளாறு வந்தால் சம்பளப் பட்டியல் நின்றுவிடும்.” பலரும் விட்டுவிடுவது அந்தக் காரணத்தைத்தான். இரண்டு மாதம் கழித்து “அப்போதே மாற்றியிருக்கலாமே” என்று யாராவது கேட்கும்போது, அதுதான் பழைய வாதத்தை மறுபடி கிளப்பாமல் காப்பாற்றும். எழுந்து போவதற்கு முன் அந்த வரியைச் சத்தமாகப் படித்துவிடுங்கள். “அப்படியா முடிவு செய்தோம்?” என்ற குரல் அங்கேயே வந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நாலு நாளில் புதைந்துவிடும், எல்லாரும் பார்க்கும் ஒரே ஷீட்டில் தேதிவாரியாக வையுங்கள்.

அப்புறம், ஆளாளுக்கு ‘நான் என்ன செய்தேன்’ என்று ஒப்பிப்பது. ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 40 நிமிடம் அதிலேயே போயிற்று. அதை வெள்ளி மாலைக்குள் 3 வரி மெயிலாக மாற்றினோம்: முடிந்தது, அடுத்தது, எங்கே தடை. தடை மட்டும் மீட்டிங்குக்கு வரும். எந்தக் கேள்வியும் சேராத வாரம் மீட்டிங்கையே ரத்து செய்துவிடுகிறோம்.

ஆனால் எல்லாவற்றையும் மெயிலில் தள்ளுவதும் தவறுதான். ஒரே விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு சுற்று பதில் எழுதியும் ஒத்துவரவில்லை என்றால், மூன்றாவது பதிலை எழுதாதீர்கள். அந்த இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டு 15 நிமிடம் பேசுங்கள். மற்ற 6 பேருக்கு முடிவைத் தெரிவித்தால் போதும்.