பீப் 12-இல் ஏன் நிறுத்தினோம்? கட்டில் ஓரத்தில் ஒரு செய்முறை

ஜூலை மழையில் மும்பைத் தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், பத்து நாள் கழித்து எங்கள் ஐ.சி.யு.வுக்கு எலிக் காய்ச்சல் நோயாளிகள் வர ஆரம்பிப்பார்கள். அப்படி வந்தவர்தான் தாராவியில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஐம்பது வயதுக்காரர். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. வென்டிலேட்டரில் போட்டு 80 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும், விரலில் மாட்டிய கருவி 86-க்கு மேல் காட்டவில்லை.

அன்று என்னோடு நின்றவர் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன நர்ஸ். அவருக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பீப் என்ற வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் எடுக்கும் முடிவு. ஆனால் அந்த எண் ஏன் மாறுகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

படி 1: திரையில் இருக்கும் PEEP என்ற எண்ணைப் புரிந்துகொள்வது

ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு குழாயை அதில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முக்கி, அதன் வழியாக மூச்சை வெளியே விட்டுப் பாருங்கள். குமிழி வரும், வரும், பிறகு நின்றுவிடும். நிற்கும்போது உங்கள் நெஞ்சில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். குழாய்க்குள் அழுத்தம் 5 சென்டிமீட்டர் தண்ணீருக்குக் கீழே இறங்கியதும், மேற்கொண்டு எதுவும் வெளியேற முடியாது. அந்த மிச்ச அழுத்தம்தான் பீப். பச்சைக் குழந்தைகளுக்கு மூக்கில் மாட்டும் குமிழிக் கருவி இன்றும் இப்படித்தான் இயங்குகிறது. பெரியவர்களின் வென்டிலேட்டரில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு வால்வு அந்த வேலையைச் செய்கிறது.

அந்த மிச்சக் காற்று எதற்கு? நோயாளியின் மனைவியும் இதையேதான் கேட்டார். "காத்த முழுசா வெளிய விட்டாத்தானே டாக்டர் அடுத்த மூச்சு நல்லா போகும்?" நியாயமான கேள்வி. நல்ல நுரையீரலில் காற்று நுண்ணறைகளின் உட்புறம் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான படலம் பூசியிருக்கும். மூச்சு வெளியேறி அறை சுருங்கினாலும் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாது. நோயில் நீர் கசிந்து அந்தப் படலம் கெட்டுப்போனால், ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் அறைகள் மூடிக்கொள்ளும். மூடிய அறையைச் சுற்றி ஓடும் ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காது. கருவியில் ஆக்சிஜனை எவ்வளவு ஏற்றினாலும் அந்த ரத்தம் வெறுங்கையோடுதான் திரும்பும்.

காய்கறிக் கடையில் சுருளிலிருந்து கிழித்துத் தரும் மெல்லிய பாலிதீன் கவரை அவருக்கு உதாரணம் சொன்னேன். ஈரத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால், விரலால் எவ்வளவு தேய்க்க வேண்டியிருக்கிறது! வாய் கொஞ்சம் பிரிந்துவிட்டால் போதும், ஒரு ஊதலில் விரிந்துவிடும். அந்த வாய் மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது பீப்பின் வேலை. ஒட்டியதைப் பிரிப்பது பெரும்பாலும் உள்ளே தள்ளும் மூச்சின் வேலை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 5-இல் தேவைப்படும்.

படி 2: அளப்பதற்கு முன்

டேப்பை எடுத்து நோயாளியின் உயரத்தை அளக்க வேண்டும். எடையை அல்ல. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. இவர் 165 சென்டிமீட்டர். ஆண்களுக்கான கணக்கு இது:

```
50 + 0.91 × (165 − 152.4) = 61.5 kg
61.5 × 6 ml = 369 ml
```

ஆக ஒரு மூச்சுக்கு 370 மில்லி. சோதனை முடியும்வரை இந்த அளவை மாற்றக் கூடாது, 80 சதவீத ஆக்சிஜனையும் மாற்றக் கூடாது. மாற்றினால் எதனால் எது நடந்தது என்றே தெரியாமல் போகும். நோயாளி மயக்க மருந்தில் அமைதியாக இருக்க வேண்டும். அவர் தானாக மூச்சிழுத்தால் வரும் எண்களை நம்ப முடியாது. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிடுங்கள், இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். பி.பி. நிலையாக இருக்க வேண்டும். இவருக்கு 118/70.

படி 3: முதல் அளவு

பீப் 5-இல் தொடங்கினோம். மூச்சு உள்ளே போய் முடிந்ததும் காற்றை அரை விநாடி நிறுத்தி வைக்கும் பொத்தான் ஒன்று வென்டிலேட்டரில் இருக்கும். அதை அழுத்தினால் Pplat என்ற எண் வரும். காற்று ஓடாமல் நிற்கும்போது நுண்ணறைகளுக்குள் இருக்கும் அழுத்தம் அது. திரையில் பெரிதாகத் தெரியும் உச்ச அழுத்தம் வேறு, அதில் குழாயின் தடையும் சேர்ந்திருக்கும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

இவருக்கு 23 வந்தது. அதிலிருந்து பீப்பைக் கழித்தால்:

```
Pplat − PEEP = 23 − 5 = 18
```

இதை டிரைவிங் பிரஷர் என்போம். 370 மில்லியை உள்ளே தள்ள இவருடைய நுரையீரல் கேட்ட விலை 18. 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதிகமாக இருந்தால், திறந்திருக்கும் கொஞ்ச அறைகளே மொத்தக் காற்றையும் வாங்கி இழுபடுகின்றன என்று பொருள்.

படி 4: ஏறுவது, நிற்பது, பார்ப்பது

பீப்பை 8-க்கு ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தோம். Pplat 24. டிரைவிங் பிரஷர் 16. விரல் கருவி காட்டும் ஆக்சிஜன் 88.

அடுத்து 10. இங்கேதான் நர்ஸ் திரையை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "டாக்டர், Pplat ஏறவே இல்லையே?" ஆமாம், அதே 24. அடியில் இரண்டு கூட்டியும் மேலே ஒன்றும் கூடவில்லை. மூடியிருந்த அறைகள் திறந்து, அதே 370 மில்லியைப் பங்கு போட்டுக்கொள்ள வந்துவிட்டன. டிரைவிங் பிரஷர் 14, ஆக்சிஜன் 91.

12-இல் Pplat 26. டிரைவிங் பிரஷர் 14-லேயே நின்றது. ஆக்சிஜன் 94, பி.பி. 112/68.

பிறகு 14. இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் ஆர்ட்ஸ்நெட் ஆய்வுக் குழுவின் அட்டவணை பல ஐ.சி.யு. சுவர்களில் ஒட்டியிருக்கும். எவ்வளவு ஆக்சிஜனுக்கு எவ்வளவு பீப் என்று அதில் இருக்கும். குறைந்த பீப் அட்டவணையில் 80 சதவீதத்துக்கு நேரே 14 என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் இவருக்கு 14 வைத்ததும் Pplat 30-க்குத் தாவியது, டிரைவிங் பிரஷர் மறுபடி 16. ஆக்சிஜன் 94-ஐத் தாண்டவில்லை. ஐந்தே நிமிடத்தில் பி.பி. 92/58.

இரண்டுக்கும் ஒரே காரணம்தான். திறக்க வேண்டியவை திறந்தாகிவிட்டது, இனி ஏற்றும் அழுத்தம் ஏற்கெனவே திறந்திருப்பவற்றைத்தான் உப்ப வைக்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடினால் உடம்பிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். அதனால் பி.பி. இறங்குகிறது. பொதுவாக Pplat 30-ஐத் தொட விடுவதில்லை. உடனே 12-க்கு இறங்கினோம், பி.பி. மேலே வந்தது. 10-இலும் டிரைவிங் பிரஷர் அதே 14 தானே, அங்கேயே நிற்கக் கூடாதா என்றால், நின்றிருக்கலாம், தவறில்லை. 12-இல் ஆக்சிஜன் 94 இருந்ததால், கொடுக்கும் ஆக்சிஜனை அன்று மாலைக்குள் 80-லிருந்து 60 சதவீதமாக இறக்க முடிந்தது. அதற்காகத்தான் 12.

ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்து பீப்பை ஏற்றிக்கொண்டே போகும் ஆசை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 2017-இல் வெளியான ஆர்ட் என்ற பெரிய ஆய்வில், கடும் அழுத்தம் கொடுத்து நுரையீரலைத் திறந்து, அதன் பிறகு ஏற்ற பீப்பைத் தேடிய குழுவில்தான் மரணம் அதிகம்.

படி 5: கிடைத்ததைக் காப்பாற்றுவது

மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு ஃபில்டரை மாற்றுவதற்காக ஒருவர் குழாயைக் கழற்றினார். பத்து விநாடிகூட இருக்காது. திரும்ப மாட்டியபோது ஆக்சிஜன் 81. பீப் என்னவோ அதே 12-தான், திரையில் சரியாகவே காட்டியது. ஆனால் Pplat 29. 94-க்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது.

பாலிதீன் கவர் ஞாபகம் இருக்கிறதா? பிரிந்த வாயைப் பிடித்து வைக்க 12 போதும். ஒட்டிப்போனதைப் பிரிக்க அதைவிட அதிகம் வேண்டும். குழாய் கழன்ற கணத்தில் பீப் பூஜ்யம், அறைகள் மூடிவிட்டன. பிறகு ஒவ்வொரு மூச்சாகத்தான் அவை திறக்க வேண்டியிருந்தது. எண் சரியாக இருக்கிறதே என்று அலாரத்தை அமைதிப்படுத்திவிட்டுப் போனால் இது கண்ணிலேயே படாது. கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் Pplat-ஐ மறுபடி அளந்து பாருங்கள்.

சளி எடுக்க, குழாயைக் கழற்றாமல் உள்ளே விடும் மூடிய சக்‌ஷன் குழாயைப் பயன்படுத்துங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், மூச்சு உள்ளே போய் முடிந்த நிலையில் தொண்டைக் குழாயைக் கிளாம்பால் இறுக்கி, வென்டிலேட்டரை நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். மாட்டி, வென்டிலேட்டரை ஓடவிட்ட பிறகே கிளாம்பை எடுக்க வேண்டும். நோயாளி தானாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள். கம்பிச் சுருள் வைத்த குழாயாக இருந்தாலும் செய்யாதீர்கள், அது நசுங்கினால் நிமிராது.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால், பீப் நல்ல பக்கத்தைத்தான் உப்ப வைக்கும். ரத்தம் அங்கிருந்து நோயுற்ற பக்கத்துக்குத் தள்ளப்பட்டு ஆக்சிஜன் இன்னும் குறையலாம். ஆஸ்துமா நோயாளியிடம் பிரச்சினையே வேறு. அவருக்குக் காற்று வெளியேற நேரம் போதாமல் தானாகவே உள்ளே தேங்கும். காற்று ஓட்டத்தின் கோடு பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த மூச்சு தொடங்குவது திரையில் தெரியும். அவர்களுக்கு முதல் வேலை, மூச்சு எண்ணிக்கையைக் குறைத்து வெளிவிட நேரம் கொடுப்பது.

இறங்குவது

முதலில் ஆக்சிஜன், அப்புறம்தான் பீப். இவருக்கு நான்காம் நாள் 40 சதவீத ஆக்சிஜனே போதுமென்று ஆனபின் 12-லிருந்து 10-க்கு இறக்கினோம். சில மணி நேரம் ஆக்சிஜனும் டிரைவிங் பிரஷரும் அசையவில்லை, 8-க்கு இறக்கினோம். அன்றிரவு ஆக்சிஜன் 89-க்கு வந்தது, டிரைவிங் பிரஷரும் இரண்டு கூடியது. மறுபடி 10 வைத்து ஒரு நாள் பொறுத்தோம். ஆறாம் நாள் 8, ஏழாம் நாள் 5. இந்த முறை நர்ஸ்தான் பொத்தானை அழுத்தி Pplat பார்த்தார். 15.